அப்பா அம்மாவுக்கு பி.பி. மெஷின்: பெங்களூருவிலிருந்து வந்த கேள்விகள்

அம்மாவுக்கு 69, அப்பாவுக்கு 74. சேலத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். கைக்கடிகாரம், ஆக்சிமீட்டர், பி.பி. மெஷின், சர்க்கரை மெஷின் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது?

மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள். இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் குளுக்கோமீட்டரும் வேண்டும். மற்றவற்றை இப்போதைக்கு அடித்துவிடலாம். நுரையீரல் நோய் இருந்து டாக்டர் கேட்டால் ஒழிய ஆக்சிமீட்டருக்கு அன்றாடம் வேலை இல்லை.

நான் டாக்டர் அல்ல. பெங்களூரு மருத்துவமனைகளில் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். நோய், மாத்திரை பற்றிய முடிவுகளை டாக்டரிடம் விட்டுவிட்டுக் கருவியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பி.பி. மெஷினை முதலில் வைப்பதற்கும் காரணம் தொழில்தான். வீட்டில் எடுக்கும் அளவை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் கருவிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். வேறு சிலருக்கு அங்கே நல்ல எண் வரும், வீட்டில் ஏறும். இரண்டையும் வீட்டு அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

அம்மாவுக்குக் கையைச் சுற்றிப் பட்டை கட்டுவது தொல்லையாக இருக்கிறதாம். மணிக்கட்டு மெஷினோ, பி.பி. காட்டும் கைக்கடிகாரமோ போதாதா?

மணிக்கட்டு மெஷினின் சிக்கல் அதன் உயரத்தில் இருக்கிறது. அளக்கும் இடம் இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கினால் எண் சுமார் 8 கூடிவிடும். ஏறினால் அதே அளவு குறையும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில் வேகம் கூடுகிற அதே கணக்குதான். மேல்கை எப்படியும் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணிக்கட்டோ மடியில் கிடக்கும், மேசையில் கிடக்கும், நாளுக்கொரு இடம். கை மிகப் பருத்து எந்தப் பட்டையும் சுற்ற முடியாதவர்களுக்கு மட்டும் மணிக்கட்டு மெஷினை ஒப்புக்கொள்வேன். அதையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பட்டை ஊதாமல் ஒளியை வைத்து மட்டும் பி.பி. சொல்லும் கடிகாரங்களை நோயைக் கண்டறியவோ மாத்திரையை மாற்றவோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டி சொல்கிறது. அவற்றில் பலவற்றுக்கு அவ்வப்போது மேல்கை மெஷினில் பார்த்த அளவை ஊட்ட வேண்டும். அந்த மெஷின் வீட்டில் இருந்தால் கடிகாரம் எதற்கு? கைப்பேசிக் கேமராவில் விரலை வைத்தால் பி.பி. சொல்லும் செயலியை அழித்துவிடுங்கள்.

கடையில் எல்லாப் பெட்டியிலும் "துல்லியமானது" என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை stridebp.org தளத்தில் தேடுங்கள். சுயேச்சையான சோதனையில் தேறிய மெஷின்கள் மட்டும் அங்கே பட்டியலில் இருக்கும். சோதனை எளிமையாகச் சொன்னால் இதுதான்: குறைந்தது 85 பேரின் கையில் மெஷினும், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுச் சொல்லும் அளவும் மாறி மாறி எடுக்கப்படும். சராசரி வேறுபாடு 5-ஐத் தாண்டக் கூடாது, ஆளுக்கு ஆள் தாறுமாறாகவும் இருக்கக் கூடாது.

பட்டியலில் இருப்பது கம்பெனி அல்ல, மாடல். ஒரே கம்பெனியின் ஒரு மெஷின் தேறியிருக்கும், அடுத்தது சோதனைக்கே போயிருக்காது. பெயர் பெற்ற கம்பெனி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இந்தியாவில் பி.பி. மெஷின் விற்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் வேண்டும், அந்த எண் பெட்டியில் இருக்க வேண்டும். எண் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். ஆனால் உரிமம் என்பது விற்க அனுமதி. மேலே சொன்ன சோதனையில் தேறியதற்கு அது சான்று ஆகாது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

விலையில் பெரிய இரகசியம் இல்லை. தேறிய மெஷின்களில் மலிவானதும் விலை கூடியதும் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவு நன்றாக அளக்கின்றன. கூடுதல் பணம் புளூடூத்துக்கும் வண்ணத் திரைக்கும் போகிறது. பெற்றோருக்கு ஒரே பெரிய பொத்தானும், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எண்களும் போதும். பேசும் மெஷின் வாங்குவதாக இருந்தால் எந்த மொழியில் பேசுகிறது என்று கடையிலேயே போட்டுக் கேளுங்கள். இந்தியில் எண் சொல்லும் மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டு, சேலத்து அப்பா ஏன் அதைத் தொடுவதில்லை என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டையில் அளவு என்று ஒன்று உண்டா? எல்லோருக்கும் ஒன்றுதானே வருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

உண்டு. மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. பட்டையின் ஓரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. தையல் டேப் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். கைக்குச் சிறிய பட்டை போட்டால் எண் கூடுதலாக வரும். பெரிய பட்டை போட்டால் குறைவாக வரும். 2023-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதையே அளந்து பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது மேல் எண் சராசரியாகச் சுமார் 20 கூடியது. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதிக்கொடுக்க அது போதும்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார், எழுபது வயது. வீட்டில் எப்போது பார்த்தாலும் 155-க்கு மேல், இரண்டாவது மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார் என்று சொன்னார். மெஷின் நல்ல மாடல். கையை அளந்தேன்: 37 சென்டிமீட்டர். பட்டையில் 22–32 என்று இருந்தது, ஒட்டும் பகுதி நுனியில்தான் ஒட்டியது. உட்கார வைத்து மூன்று முறை பார்த்ததில் 158, 155, 157. அதே கம்பெனியின் 32–42 அளவுப் பட்டையை வரவழைத்து அதே நாற்காலியில், அதே நேரத்தில் பார்த்தோம்: 147, 146, 148. பத்துப் புள்ளி வெறும் துணியில் இருந்தது. 147-உம் நல்ல எண் அல்ல, டாக்டர் விடவில்லை. ஆனால் அவர் முடிவெடுத்தது சரியான எண்ணை வைத்து.

மெலிந்த அப்பாக்களுக்கு இது தலைகீழ். கை 20 சென்டிமீட்டர் இருந்தால் சாதாரணப் பட்டை தொளதொளவென்று நிற்கும், அழுத்தம் இருக்கிறதைவிடக் குறைவாகக் காட்டும். எண் நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் ஆபத்து. பட்டையை எப்போதும் அதே கம்பெனியில், அந்த மாடலுக்கென்று விற்பதை வாங்குங்கள். மெஷினின் கணக்கு தன் பட்டையை வைத்துப் போடப்பட்டது. வேறொன்றின் குழாய் பொருந்திவிட்டாலும் எண் பொருந்தாது.

எப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும்? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம்.

காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். இந்த வரிசை முக்கியம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே எண் ஏறும். காபி குடித்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் டிகாஷன் இறங்கும் அந்த நேரத்தைத்தான் நான் சொல்வது வழக்கம். வேறு வேலை இல்லாமல் உட்கார வேண்டிய நேரம், எப்படியும் காத்திருக்கத்தான் போகிறார்கள்.

முதுகு சாயும் நாற்காலி. ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கால்மேல் கால் கூடாது, பாதம் தரையில் படிய வேண்டும். குள்ளமான அம்மாக்களுக்கு உணவு மேசை நாற்காலியில் கால் தொங்கும். கீழே ஒரு மணைப் பலகையைப் போடுங்கள். கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் மட்டத்துக்கு வரும்படி அடியில் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ கொடுங்கள். கையைத் தாமே தூக்கிப் பிடித்திருக்கக் கூடாது, தசை இறுகினால் எண் ஏறும்.

ரவிக்கையின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்தச் சுருட்டலே கையில் இன்னொரு கட்டுப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. காலையில் நைட்டியோடு இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. டிசம்பர் மாதக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேலே கட்டவும் கூடாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். கட்டியபின் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பிறகு பொத்தானை அழுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "எவ்வளவு வருதுன்னு பாரு" என்று அம்மா சொல்லும் அந்த வாக்கியமே எண்ணை ஏற்றும்.

அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தால் 152, 144, 141 என்று வருகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

நன்றாக வேலை செய்கிறது. ரத்த அழுத்தம் ஒவ்வொரு மூச்சுக்கும் மாறுகிற பொருள். முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும், பட்டை இறுக்குவதே ஒரு சின்ன அதிர்ச்சி. மூன்று முறையும் ஒரே எண் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

மெஷின் டாக்டர்போல் ஒலியைக் கேட்பதில்லை. பட்டையை ஊதி ரத்தக் குழாயை அடைத்துவிட்டு, காற்றை மெல்ல இறக்கும்போது பட்டைக்குள் எழும் சின்னச் சின்னத் துடிப்புகளை உணர்கிறது. துடிப்பு மிகப் பெரிதாக இருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சில மெஷின்கள் ஊதும்போதே அளந்துவிடும். எதுவானாலும் கை அசைந்தாலோ பேசினாலோ அந்தத் துடிப்போடு வேறு அசைவு கலந்துவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பது அளப்பது ஆகாது.

அப்படியானால் எந்த எண்ணை டாக்டரிடம் சொல்வது?

ஒரு எண்ணையும் சொல்ல வேண்டாம், சராசரியைச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாட்களின் 24 அளவுகளைக் கூட்டி வகுக்க வேண்டும். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அது டாக்டர் அறையின் 140/90-க்குச் சமம். வீட்டில் 138 வந்தால் "140-க்குக் கீழேதானே" என்று நிம்மதி அடையக் கூடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் ஒரு வாரக் கணக்கைச் சொல்கிறேன். காலைச் சராசரி 146/82, மாலைச் சராசரி 132/76. மொத்தமாக 139/79. இதில் ஒரு மாலை 163 வந்திருந்தது. அன்று தண்ணீர் லாரிக்காரரோடு கேட்டருகே பெரிய வாக்குவாதம். அந்த ஒன்றை நீக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். நீக்கவில்லை. 24 அளவுகளில் அது சராசரியை ஒரே ஒரு புள்ளிதான் நகர்த்துகிறது. சராசரியின் அழகே அதுதான், ஒரு நாள் கோபத்தை விழுங்கிவிடும். டாக்டருக்கு 139 பெரிதாகப் படவில்லை. காலைக்கும் மாலைக்கும் உள்ள 14 புள்ளி இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார். மாத்திரையின் வேகம் மறுநாள் காலைவரை நிற்கவில்லை என்று சொல்லி, அதை மாற்றி எழுதிக்கொடுத்தார். காலையும் மாலையும் தனித்தனியாக எழுதாமல் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

முதல் முறை மட்டும் இரண்டு கைகளிலும் பாருங்கள். கூடுதலாக வரும் கையிலேயே பிறகு எப்போதும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்ந்து பத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் பார்த்தார் அப்பா. இப்போது மெஷின் அலமாரியில் பெட்டிக்குள் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பெட்டியைத் தூக்கி எறியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து, குழாயைச் சொருகி, பட்டையைப் பிரித்து, பிறகு திரும்ப மடித்து வைக்கிற வேலைதான் பாதிப் பேரை நிறுத்துகிறது. காபி குடிக்கிற மேசையின் ஓரத்தில் குழாய் சொருகியபடியே இருக்கட்டும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரும் வாங்கிவிடுங்கள், பல மெஷின்களில் அது தனியாகத்தான் விற்கப்படுகிறது.

ஒரு கையால் பட்டை கட்டுவது வயதானவர்களுக்குக் கடினம், விரல் மூட்டு வலி இருந்தால் இன்னும் கடினம். வளையம்போல் முன்பே சுருட்டி வைத்த கெட்டியான பட்டையுள்ள மாடல்கள் இருக்கின்றன, கையை நுழைத்து இழுத்தால் போதும். இல்லையென்றால் அம்மா அப்பாவுக்கும் அப்பா அம்மாவுக்கும் கட்டிவிடட்டும். இது நான் சொல்லிக் கொடுத்ததில் அதிகம் பலித்த வழி. ஒருவர் மறந்தால் இன்னொருவர் விடுவதில்லை.

எழுதுவதற்கு நோட்டு வேண்டாம். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில் பேனாவால் எழுதட்டும். காலியான கட்டம் கண்ணை உறுத்தும். மெஷினின் நினைவகத்தை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல் உண்டு: இருவருக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தும் இருவரும் முதல் பொத்தானையே அழுத்திவிடுவார்கள். அது காட்டும் சராசரி அப்பாவுக்கும் சொந்தமில்லை, அம்மாவுக்கும் சொந்தமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் நீங்கள்தான். அலுவலகத்திலிருந்து போன் செய்து "இன்றைக்கு எவ்வளவு? ஏன் 150? ஊறுகாய் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் அடுத்த நாள் மெஷின் அலமாரிக்குப் போகும், அல்லது எண் தானாகவே 130 ஆகிவிடும். ஒரு வீட்டில் அந்த அப்பா சொன்னதும் எழுதியதும் எப்போதும் 130/80. நினைவகத்தைத் திருப்பிப் பார்த்தால் 148, 151, 146. ஒற்றை எண்ணுக்கு எதுவும் சொல்வதில்லை, மாதம் ஒருமுறை காலண்டரைச் சேர்ந்து பார்ப்போம் என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாத்திரை மாற்றிய வாரங்களைத் தவிர, அழுத்தம் நிலையாக இருப்பவருக்குக் காலையில் ஒருமுறை போதும். நாளுக்கு எட்டு முறை பார்க்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மெஷினை வாங்கி வைப்பதுதான் மருந்து.

நான் மாரத்தஹள்ளியில், அவர்கள் மல்லேஸ்வரத்தில். எண் நேராக என் கைப்பேசிக்கு வரும் மெஷின் வாங்கலாமா?

புளூடூத் அந்த அறையைத் தாண்டாது. மெஷினிலிருந்து அப்பாவின் கைப்பேசிக்குப் போய், அதிலிருக்கும் செயலி இணையத்துக்கு அனுப்பி, அங்கிருந்துதான் உங்களுக்கு வரும். அவருடைய கைப்பேசியில் புளூடூத் அணைந்தாலோ, செயலி மறுபடி கடவுச்சொல் கேட்டாலோ அன்றோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்ச் சரிசெய்வீர்கள், புதன்கிழமை மறுபடி நிற்கும். வாரம் ஒருமுறை காலண்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அப்பா கைப்பேசியில் தேர்ந்தவர் என்றால் புளூடூத் நன்றாகவே வேலை செய்யும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சென்னையில் வாங்கிய மெஷின் இங்கே தவறு காட்டுமா?

காட்டாது. ஊதத் தொடங்குமுன் மெஷின் அந்த இடத்துக் காற்றழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. ஊரின் குளிர்தான் எண்ணை மாற்றும். ஜனவரி விடியலில் ஜன்னல் திறந்த அறையில் எடுத்தால் உண்மையாகவே அழுத்தம் ஏறியிருக்கும்.

எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். இரவு கழிவறைக்குப் போகும்போது ஒருமுறை விழுந்தும் விட்டார்.

உட்கார்ந்து எடுத்த அளவு இதைக் காட்டாது, அதே மெஷினை வைத்து வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஓர் அளவு எடுங்கள். முடியாவிட்டால் உட்கார வைத்து எடுங்கள். பட்டையை அவிழ்க்காமல் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. நிற்கும்போதும் கையை நெஞ்சு மட்டத்தில் நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும், தொங்கவிட்டால் எண் கூடி, இறங்கியது மறைந்துபோகும். பின்னால் கட்டிலோ நாற்காலியோ இருக்கட்டும், ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. படுத்திருக்கும்போது 128/74, நின்று ஒரு நிமிடத்தில் 104/66 என்றால் 24 இறங்கியிருக்கிறது. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் "நார்மல்" என்று சொல்லியிருப்பார். நாள்பட்ட சர்க்கரை நோய், சில பி.பி. மாத்திரைகள், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இப்படிச் செய்யக்கூடும். பெரும்பாலும் வேறு வேறு டாக்டர்கள் எழுதியிருப்பார்கள். மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இந்த எண்களோடு ஒரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

திரையில் இதயப் படம் ஒன்று மின்னுகிறது. பயப்பட வேண்டுமா?

அளக்கும்போது துடிப்புகளின் இடைவெளி சீராக இல்லை என்று மெஷின் சொல்கிறது. கை அசைந்தாலும் இருமினாலும் வரும். ஒருமுறை வந்தால் விடுங்கள். வாரத்தில் பல முறை, அசையாமல் இருந்தும் வந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஏனென்றால் பக்கவாதத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய சீரற்ற துடிப்பு ஒன்று வயதானவர்களுக்கு உணர்வே இல்லாமல் வருவதுண்டு. அது இருப்பவர்களுக்கு மெஷின் காட்டும் எண்ணும் தள்ளாடும். இரண்டுக்குப் பதில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். சில கம்பெனிகளில் இந்தப் படம் ஒவ்வொரு துடிப்புக்கும் சாதாரணமாகவே மின்னும். அதை எச்சரிக்கை என்று நினைத்துத் தூங்காமல் இருந்தவர்களும் உண்டு. கையேட்டில் எந்தப் படத்துக்கு எது பொருள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு 185 காட்டியது. உடனே ஓட வேண்டுமா?

ஆளைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். 180/120 அளவோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் சோர்வு, திடீர்ப் பார்வை மங்கல், கடும் தலைவலி, குழப்பம் எதுவாவது இருந்தால் 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் இருந்து எண் நன்றாக இருந்தாலும் அழையுங்கள். அப்போது மெஷினில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆள் நன்றாக இருந்து எண் மட்டும் கூடியிருந்தால், உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்துவிட்டால் மறுநாள் காலை வழக்கம்போல. இறங்காமல் 180-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே டாக்டரை அழைத்துக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரையை ஒன்று கூடுதலாகக் கொடுப்பதும், முன்பு பழக்கத்தில் இருந்ததுபோல் நாக்கின் கீழே ஒன்றை வைப்பதும் வேண்டாம். அழுத்தம் சடாரென்று விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும்.

சர்க்கரை மெஷின் ஆய்வகத்தோடு ஒத்துப்போகவே இல்லை. ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் கடிகாரம் வந்துவிட்டதாமே?

வரவில்லை. ஊசியில்லாமல் தானே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

குளுக்கோமீட்டர் ஆய்வகத்தை அப்படியே சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். 100-க்கு மேல் 15 சதவீதம்வரை முன்னும் பின்னும் போவதைத் தரநிலையே அனுமதிக்கிறது. ஆய்வகத்தில் 200 என்றால் மெஷினில் 170 முதல் 230 வரை எதுவும் சரி. இதற்கு மேல் விலகினால் மெஷினைத் திட்டுமுன் விரலைப் பாருங்கள். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். அடுத்து ஸ்ட்ரிப் டப்பா: மூடி திறந்து கிடந்தால் ஈரத்தில் கெடும், திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதி வையுங்கள். வாங்கும்போது மெஷின் விலையை விட்டுவிட்டு ஸ்ட்ரிப்பின் விலையையும், அது உங்கள் தெரு மருந்துக் கடையில் கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஸ்ட்ரிப்புக்கு அலைய வேண்டியிருந்தால் மெஷின் மூன்றாவது மாதம் நின்றுவிடும்.

பி.பி. மெஷினை எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில் அவர் ஒருமுறை, மெஷின் ஒருமுறை, அவர் மறுபடி, மெஷின் மறுபடி. வேறுபாடு 5-க்குள் என்றால் நிம்மதி. எப்போதும் ஒரே பக்கமாகப் பத்துக்கு மேல் விலகினால் ஏதோ இருக்கிறது. அப்போதும் கெட்டது உங்கள் மெஷின்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். டாக்டர் மேசையிலிருக்கும் முள் மீட்டரும் கீழே விழுந்து அடிபட்டிருக்கலாம். எங்கள் பட்டறைக்கு வருபவற்றில் காற்றே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்காதவை நிறைய. முள் எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

மெஷினுக்கு முன்னால் தேய்வது பட்டை. ஒட்டும் பகுதி ஊதும்போது சடசடவென்று பிரிந்தாலோ, ஊதி முடிக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, திரையில் Err அடிக்கடி வந்தாலோ முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், அதன்பின் பட்டையை மாற்றுங்கள். பட்டையைச் சுருட்டும்போது குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். அது வெடிக்கும் இடம் எப்போதும் மெஷினில் சொருகும் முனைக்கு அருகேதான்.